அறிவியல் கண்காட்சியில் நடுவர்களை அறிமுகப்படுத்துவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பல வருடங்களாக மாணவர் அறிவியல் கண்காட்சிகளில் தொகுப்பாளராக நின்றிருக்கிறேன். முதன்முறையாக மைக் பிடிக்கப் போகிறவர்கள் என்னிடம் கேட்கும் கேள்விகளையும் நான் சொல்லும் பதில்களையும் இங்கே சேர்த்து வைத்திருக்கிறேன். நடுவர்கள் மேசை மேசையாகப் போய், மாணவர்களிடம் கேள்வி கேட்டு மதிப்பெண் போடுகிற கண்காட்சிகளை மனதில் வைத்துத்தான் எழுதுகிறேன்.

நாலு நடுவர்கள் வருகிறார்கள். ஒவ்வொருவரைப் பற்றியும் எவ்வளவு நேரம் பேசலாம்?

ஆளுக்கு 20 நொடி. மூன்று அல்லது நாலு சின்ன வாக்கியங்கள். நாலு பேருக்கும் சேர்த்து ஒன்றரை நிமிடத்தில் முடிந்துவிட வேண்டும்.

ஆனால் மொத்த நேரத்தை விட, ஒருவருக்கும் இன்னொருவருக்கும் உள்ள வித்தியாசத்தைத்தான் நான் கவனமாகப் பார்ப்பேன். கூட்டத்தில் உட்கார்ந்திருப்பவர்களுக்கு நீங்கள் சொன்ன விவரம் எதுவும் அரை மணி நேரம் கழித்து நினைவிருக்காது, யாரைப் பற்றி அதிகம் பேசினீர்கள் என்பது மட்டும் நினைவிருக்கும். ஒருவருக்கு ஒரு நிமிடம், அடுத்தவருக்குப் பத்து நொடி என்றால், நீங்கள் ஒரு புகழ்ச்சி வார்த்தை கூடச் சொல்லாவிட்டாலும் யார் பெரியவர் என்று அறிவித்துவிட்டீர்கள். அதனால் எழுதியதை வீட்டில் உரக்கப் படித்து, ஒவ்வொன்றையும் தனித்தனியாகக் கடிகாரம் வைத்துப் பாருங்கள். மிக நீளமானதற்கும் மிகக் குட்டையானதற்கும் 5 நொடிக்கு மேல் இடைவெளி இருந்தால் நீளமானதை வெட்டுங்கள். குட்டையானதை நீட்ட முயன்றால் வெறும் அலங்கார வார்த்தைகள்தான் வந்து உட்காரும்.

என்ன சொல்ல வேண்டும், எதை விட்டுவிட வேண்டும்?

பெயர், இப்போது செய்யும் வேலை, அந்த வேலை மாணவருக்குப் புரியும் சொல்லில் என்ன, இன்று எந்தப் பிரிவை மதிப்பிடுகிறார். இந்த நாலும் போதும்.

ஒரு விவரத்தை வைத்துக்கொள்வதா வேண்டாமா என்று தெரியாதபோது நான் ஒரு கேள்வி கேட்டுக்கொள்வேன். இன்னும் ஒரு மணி நேரத்தில் இந்த நடுவர் தன் மேசைக்கு முன்னால் வந்து நிற்கப் போகிறார் என்று காத்திருக்கும் ஒரு மாணவிக்கு இது உதவுமா? நடுவர் ஆய்வகத்தில் கிருமிகளை வளர்ப்பவர் என்று தெரிந்தால், வளர்ப்புத் தட்டு என்றால் என்ன என்பதிலிருந்து தொடங்காமல் தன் சோதனைக்கு நேராகப் போகலாம் என்று அவளுக்குப் புரியும். நடுவர் மின்சுற்று வடிவமைப்பவர் என்று கேட்டவுடன், பைக்குள் வைத்திருக்கும் சுற்று வரைபடத்தை எடுத்து மேசையில் விரித்து வைக்க ஒரு பையனுக்குத் தோன்றும். வாங்கிய விருதுகள், போன நாடுகள், எழுதிய கட்டுரைகளின் எண்ணிக்கை, வகித்த பதவிகள் எல்லாம் இந்தக் கேள்விக்கு முன்னால் நிற்காது.

எல்லாவற்றையும் விட முக்கியமாக விட வேண்டியது நடுவரின் விருப்பம். துறையைச் சொல்லலாம், ஆர்வத்தைச் சொல்லக் கூடாது. இதை நான் தப்பு செய்துதான் கற்றுக்கொண்டேன். ஒரு கண்காட்சியில் ஒரு நடுவரைப் பற்றி, "பிளாஸ்டிக் இல்லாத உலகம் வர வேண்டும் என்பதில் தீராத ஆர்வம் கொண்டவர்" என்று சொல்லிவிட்டேன். நல்ல வார்த்தை என்றுதான் நினைத்தேன். மதியம் மேசைகளைச் சுற்றி வந்தபோது, பறவைக் கூடுகளைப் பற்றி ஆய்வு செய்திருந்த ஒரு குழு, "பிளாஸ்டிக்கால் பறவைகளுக்கு வரும் ஆபத்து" என்று பேச்சைத் தொடங்கியது. அவர்களுடைய ஆய்வில் பிளாஸ்டிக் எங்குமே இல்லை. நடுவர் அதைப் பற்றியே இரண்டு கேள்வி கேட்க, அவர்களால் பதில் சொல்ல முடியவில்லை. மூன்று மாதம் கூடுகளை அளந்து எழுதிய பிள்ளைகள், சொந்தத் தரவுகளைச் சொல்ல நேரமில்லாமல் போய்விட்டது. அந்த வாக்கியத்தை நான் சொல்லியிருக்கவே கூடாது.

ரீஜெனரான் ஐசெஃப் என்னும் பன்னாட்டு அறிவியல் கண்காட்சியின் மதிப்பீட்டு முறையில், 100 மதிப்பெண்ணில் 25 நடுவரோடு நேரில் பேசுவதற்கு. உங்கள் கண்காட்சியில் கணக்கு வேறாக இருக்கலாம், ஆனாலும் நேர்முகப் பேச்சுக்கு எங்கேயும் கொஞ்சம் எடை உண்டு. மேடையில் நீங்கள் சொல்லும் ஒரு வரி அந்தப் பேச்சை மாற்றக்கூடியது என்பதால்தான் இவ்வளவு சொல்கிறேன்.

ஒருவர் இரண்டு பக்கம் அனுப்பியிருக்கிறார், இன்னொருவர் ஒரே வரி. இதை எப்படிச் சமமாக்குவது?

"உங்களைப் பற்றிக் கொஞ்சம் எழுதி அனுப்புங்கள்" என்று கேட்டால் இப்படித்தான் வரும். தன்னைப் பற்றி எழுதிப் பழகியவர் இரண்டு பக்கம் அனுப்புவார், கூச்சப்படுபவர் ஒரு வரி அனுப்புவார். அனுபவத்துக்கும் நீளத்துக்கும் சம்பந்தமே இருக்காது. அதனால் ஒரு வாரம் முன்னதாக எல்லோருக்கும் ஒரே செய்தியை அனுப்புங்கள். நான் அனுப்புவது ஏறக்குறைய இப்படி இருக்கும்:

"மேடையில் எல்லா நடுவர்களையும் ஒரே அளவில், ஆளுக்கு 20 நொடியில் அறிமுகப்படுத்துகிறோம். உங்கள் பெயரை எப்படிச் சொல்ல வேண்டும் என்று ஒரு குரல் பதிவு அனுப்புங்கள். பெயருக்கு முன்னால் என்ன பட்டம் சொல்ல வேண்டும்? இப்போது என்ன வேலை செய்கிறீர்கள்? அந்த வேலையை ஒரு பள்ளி மாணவருக்கு ஒரே வாக்கியத்தில் எப்படிச் சொல்வீர்கள்? போட்டியிடும் மாணவர்களில் உங்கள் உறவினரோ, உங்களிடம் படித்தவரோ, உங்களிடம் ஆலோசனை கேட்டவரோ இருக்கிறார்களா?"

குரல் பதிவு கேட்பதைப் பலர் தேவையில்லை என்று நினைக்கிறார்கள். நான் விடமாட்டேன். எழுத்தில் பார்த்தால் எளிதாகத் தெரியும் பெயரில்தான் மேடையில் நாக்கு தடுமாறும், அப்புறம் ஒரே ஒருவருடைய பெயர் மட்டும் தப்பாக ஒலித்திருக்கும்.

பதில் வந்ததும் எல்லோருடையதையும் நீங்களே ஒரே அமைப்பில் திருத்தி எழுதி, முதல் நாள் மாலை அவரவர் பகுதியை அவரவருக்கு அனுப்பி, சரிதானா என்று கேளுங்கள். இரண்டு பக்கம் அனுப்பியவருக்கு வருத்தம் வந்தால் அது மேடையில் வெளிப்படாமல் அப்போதே பேசித் தீர்ந்துவிடும். எல்லோருக்கும் இதே அளவுதான் என்று சொன்ன பிறகு யாரும் என்னிடம் சண்டை போட்டதில்லை.

ஒரு உதாரணம் எழுதிக் காட்டுங்களேன், அப்போதுதான் பிடிபடும்.

சரி, இப்படி ஒரு குழு என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒருவர் மண்ணியல் பேராசிரியர், முப்பது வருட அனுபவம், கையில் பத்துப் பன்னிரண்டு விருதுகள். ஒருவர் இளம் பொறியாளர், வேலைக்குச் சேர்ந்து சில வருடங்கள்தான் ஆகின்றன. ஒருவர் மருத்துவமனை ஆய்வகத்தில் வேலை செய்யும் நுண்ணுயிரியலாளர். ஒருவர் ஓய்வுபெற்ற வேதியியல் ஆசிரியர்.

பேராசிரியர் அனுப்பிய குறிப்பு இப்படித் தொடங்குகிறது: "முப்பது ஆண்டு கால ஆராய்ச்சி அனுபவமும் எண்ணற்ற விருதுகளும் பெற்ற, மண்ணில் உப்பு சேர்வது குறித்த முன்னணி வல்லுநர்." இதில் அனுபவ ஆண்டுகளை எடுத்துவிடுகிறேன், ஏனென்றால் முப்பதைச் சொன்னால் பொறியாளருக்கும் ஆண்டு சொல்ல வேண்டும், அது அவரைச் சின்னவராகக் காட்டும். ஆண்டு சொன்னால் எல்லோருக்கும், இல்லாவிட்டால் யாருக்கும் வேண்டாம். விருதுகளும் அப்படியே போகின்றன. "முன்னணி வல்லுநர்" போகிறது. கடைசியில் "மண்ணில் உப்பு சேர்வது" மிஞ்சுகிறது. அது நல்ல விவரம்தான், மாணவருக்குப் புரியும். ஆனால் போட்டிக்கு வந்திருக்கும் ஆய்வுகளின் பட்டியலைப் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறேன், அதில் உப்பு மண்ணில் நெல் நாற்று வளர்ப்பது பற்றி ஒரு ஆய்வு இருக்கிறது. மேடையில் அந்த வார்த்தையைச் சொன்னால் அந்த ஒரு மேசைக்கு மட்டும் நடுவர் பழக்கமானவர் போல ஆகிவிடும். அதனால் "மண்ணின் தன்மையும் பயிர் வளர்ச்சியும்" என்று கொஞ்சம் அகலமாக்குகிறேன்.

நாலு பேருக்கும் எழுதி முடித்தது இது:

"(பெயர்). மருத்துவக் கருவிகளுக்கான மின்சுற்றுகளை வடிவமைக்கும் பொறியாளர். ஒரு கருவி சரியாக அளக்கிறதா என்று சோதித்துப் பார்ப்பது இவருடைய அன்றாட வேலை. இன்று இயற்பியல், பொறியியல் பிரிவுகளை மதிப்பிடுகிறார்."

"முனைவர் (பெயர்). பல்கலைக்கழகத்தில் மண்ணியல் கற்பிக்கும் பேராசிரியர். மண்ணின் தன்மை பயிர் வளர்ச்சியை எப்படி மாற்றுகிறது என்று ஆராய்கிறார். இன்று தாவரவியல், சூழலியல் பிரிவுகளை மதிப்பிடுகிறார்."

"(பெயர்). மருத்துவமனை ஆய்வகத்தில் நுண்ணுயிரியலாளர். நோயாளிகளிடமிருந்து வரும் மாதிரிகளில் என்ன கிருமி இருக்கிறது என்று கண்டுபிடிக்கிறார். இன்று விலங்கியல், மருத்துவ அறிவியல் பிரிவுகளை மதிப்பிடுகிறார்."

"(பெயர்). மேல்நிலை வகுப்புகளின் வேதியியல் ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். மாணவர்களுக்கான ஆய்வகப் பயிற்சிகளைத் திட்டமிட்டு நடத்தியவர். இன்று வேதியியல் பிரிவை மதிப்பிடுகிறார்."

நாலும் ஒரே அச்சில் வார்த்தது போல இருக்கிறதே, சலிப்பாக இருக்காதா என்று கேட்பார்கள். கேட்பவர்களுக்கு அது சலிப்பாகத் தெரியாது, ஏனென்றால் ஒவ்வொருவருடைய வேலையும் வேறு. அந்த அச்சுதான், யாருக்கும் கூடவும் இல்லை குறையவும் இல்லை என்று காட்டுகிறது.

இந்த அறிமுகங்களைக் கேட்டுப் பேராசிரியர்தான் முக்கியமானவர் என்று யாராவது ஊகிக்க முடியுமா என்று பாருங்கள். என்னால் முடியவில்லை. அப்படியும் சந்தேகம் இருந்தால், உங்கள் நடுவர்களில் யாரையும் தெரியாத ஒருவரிடம் பெயரையும் பட்டத்தையும் மறைத்துவிட்டுப் படித்துக் காட்டி, இதில் யார் தலைமை நடுவர் என்று கேளுங்கள். அவர் உடனே ஒருவரைக் காட்டினால், அந்த அறிமுகத்தில் ஏதோ கூடுதலாக இருக்கிறது.

நடுவர்களின் தகுதியைச் சொல்லாவிட்டால் பெற்றோர் நம்புவார்களா?

தகுதியைக் குழு முழுவதற்கும் சேர்த்து ஒரே வரியில் சொல்லிவிடுங்கள். முன்னே சொன்ன ஐசெஃப் கண்காட்சியில் முதன்மைப் பரிசுகளுக்கான நடுவராக இருக்க முனைவர் பட்டமோ மருத்துவப் பட்டமோ அதற்கு இணையானதோ வேண்டும், இல்லையென்றால் பட்டப் படிப்புக்குப் பிறகு அந்தத் துறையில் குறைந்தது 6 ஆண்டு வேலை அனுபவம் வேண்டும். இது ஒரு வாசற்படி மாதிரி, தாண்டி உள்ளே வந்துவிட்டால் எல்லோரும் சமம். உங்கள் கண்காட்சிக்கும் ஏதாவது ஒரு அளவுகோல் இருக்கும். "நடுவர்கள் அனைவரும் தாங்கள் மதிப்பிடும் துறையில் படித்தோ பணியாற்றியோ பழகியவர்கள்" என்று முதலிலேயே சொன்னால், தனித்தனியாகப் பட்டியல் படிக்க வேண்டியதில்லை. ஆனால் அது உண்மையாக இருக்க வேண்டும். வேதியியல் தெரியாதவரை வேதியியல் பிரிவில் போட்டுவிட்டு இந்த வரியைச் சொல்லாதீர்கள்.

யாரை முதலில் அழைப்பது?

அகர வரிசை. தலைப்பெழுத்தை விட்டுவிட்டுப் பெயரை வைத்து அடுக்குங்கள், எந்த மொழியின் அகர வரிசை என்பதையும் முன்பே முடிவு செய்துகொள்ளுங்கள், ஏனென்றால் மொழி மாறினால் வரிசையும் மாறும். "அகர வரிசையில் அறிமுகப்படுத்துகிறேன்" என்று மேடையில் வாய்விட்டுச் சொல்லிவிட்டால் முதலில் வந்தவர் ஏன் முதல், கடைசியில் வந்தவர் ஏன் கடைசி என்று யாரும் யோசிக்க மாட்டார்கள். நாற்காலிகளையும் அதே வரிசையில் போட்டால் பார்ப்பவர்களுக்கு முகத்தையும் பெயரையும் பொருத்துவது சுலபம். தலைமை நடுவர் என்று ஒருவர் இருந்தால், அவரும் தன் இடத்திலேயே வரட்டும், எல்லோரும் முடிந்த பிறகு "குழுவை ஒருங்கிணைப்பவர் இவர், மதிப்பீடு பற்றிய சந்தேகங்களை இவரிடம் கேட்கலாம்" என்று பொறுப்பை மட்டும் சொல்லுங்கள்.

முனைவர், டாக்டர், திரு, திருமதி, ஐயா, அம்மா… எதை எங்கே போடுவது?

இதில்தான் ஓரவஞ்சனை நமக்கே தெரியாமல் நுழைகிறது. மயோ கிளினிக் மருத்துவர்கள் நடத்தி 2017-இல் வெளியிட்ட ஒரு ஆய்வு எனக்குக் கண்ணைத் திறந்தது. மருத்துவக் கருத்தரங்குகளின் பதிவுகளை எடுத்து, பேச்சாளரை முதலில் எப்படி அழைக்கிறார்கள் என்று எண்ணினார்கள். ஆண்கள் அறிமுகப்படுத்தும்போது, ஆண் பேச்சாளரைப் பட்டத்தோடு அழைத்தது 72 சதவீதம், பெண் பேச்சாளரை அப்படி அழைத்தது 49 சதவீதம்தான். மேடையில் இருந்தவர்கள் எல்லோரும் பட்டம் பெற்றவர்கள். வேண்டுமென்றே செய்திருக்க மாட்டார்கள், வாயில் வந்ததைச் சொல்லியிருப்பார்கள். அதனால் வாயில் வருவதை நம்பாமல் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

முனைவர் பட்டம் வாங்கிய பெண்ணைத் திருமதி என்று அழைத்துவிட்டு, அடுத்தவரை முனைவர் என்று அழைக்காதீர்கள். பட்டம் இல்லாதவருக்கு வெறும் பெயர் என்றால், அப்படிப்பட்ட எல்லோருக்கும் வெறும் பெயர், திரு போட்டால் எல்லோருக்கும் திரு அல்லது அதற்கு இணையானது. ஒருவரை மட்டும் ஐயா என்று சொல்வதும், இளையவர் என்பதற்காக ஒருவரைத் தம்பி, தங்கை என்று செல்லமாகக் கூப்பிடுவதும் மேடையில் வேண்டாம். அந்தப் பொறியாளர் உங்களை விட இருபது வயது இளையவராக இருக்கலாம், மேசைக்கு முன்னால் அவரும் முழு நடுவர்தான். இன்னொன்று, "அறிமுகம் தேவையில்லாதவர்" என்ற சொற்றொடர். ஒருவருக்கு அதைச் சொன்னால் மற்ற மூவருக்கும் அறிமுகம் தேவை என்று ஆகிவிடுகிறது, நான் அதை முழுவதுமாக விட்டுவிட்டேன்.

ஒரு நடுவரிடம் முன்பு படித்த மாணவர்கள் போட்டியில் இருக்கிறார்கள். இதை மேடையில் சொல்ல வேண்டுமா?

முதலில் மேடைக்குப் பின்னால் தீர்க்க வேண்டியதைத் தீர்த்துவிடுங்கள். அந்த ஆய்வுகளுக்கு அவர் மதிப்பெண் போடக் கூடாது, யார் போடுவார் என்று பெயர் முடிவாகி, மதிப்பெண் தாள்களும் அதன்படி மாற வேண்டும். அது நடக்காமல் மேடையில் என்ன சொன்னாலும் பயனில்லை.

நடந்த பிறகு, அவருடைய அறிமுகத்தோடு இதைச் சேர்க்காதீர்கள். "இவர் தன் மாணவர்களுக்கு மதிப்பெண் போடமாட்டார்" என்று ஒருவரைப் பற்றி மட்டும் சொன்னால், எச்சரிக்கை விடுவது போல ஒலிக்கும், பிள்ளைகளும் யார் அந்த மாணவர்கள் என்று திரும்பிப் பார்ப்பார்கள். நாலு பேரையும் அறிமுகப்படுத்தி முடித்ததும் பொதுவாகச் சொல்லுங்கள்: "எந்த நடுவரும் தமக்குத் தெரிந்த மாணவரின் ஆய்வுக்கு மதிப்பெண் இடுவதில்லை. அப்படி ஒன்று இருந்தால் வேறொரு நடுவர் வருவார். மதிப்பீடு தொடங்கும் முன் நீங்களும் எங்களிடம் சொல்லலாம்." கடைசி வாக்கியம் முக்கியம். நடுவர் மறந்துபோன ஒரு பழக்கத்தை மாணவர் நினைவு வைத்திருப்பார்.

அதே போல, கண்காட்சியை நடத்தும் பள்ளியில் படித்தவர் ஒருவர் நடுவராக வந்திருந்தால், "நம் பள்ளியின் முன்னாள் மாணவர்" என்று பெருமையாகச் சொல்லத் தோன்றும். வேறு பள்ளிகளிலிருந்து பிள்ளைகள் வந்திருந்தால் அந்த ஒரு வரியிலேயே அவர்கள் முகம் வாடிவிடும். சொல்லாதீர்கள்.

ஒரு நடுவர் உண்மையிலேயே பெரிய விஞ்ஞானி. மூன்று வரியில் முடித்தால் மரியாதைக் குறைவாக இருக்காதா?

அவருடைய பெருமையைச் சொல்ல வேறு இடம் இருக்கிறது. பரிசு கொடுத்து முடிந்த பிறகு அவரைப் பத்து நிமிடம் பேசச் சொல்லுங்கள், அப்போது விருது, கண்டுபிடிப்பு, எல்லாம் நிறுத்தி நிதானமாகச் சொல்லலாம். மதிப்பெண் முடிந்துவிட்டதால் யாருக்கும் எந்தப் பாதிப்பும் இல்லை. பரிசுக்குப் பணம் கொடுத்தவரே நடுவராகவும் இருந்தால் இதே வழிதான், நன்றி கடைசியில்.

ஒவ்வொருவருக்கும் கைதட்டச் சொல்லலாமா?

நாலு பேரும் முடிந்த பிறகு ஒரே முறை. தனித்தனியாகத் தட்டினால் சத்தம் கூடும், குறையும், அதை நீங்கள் கட்டுப்படுத்த முடியாது. "நால்வரையும் அறிமுகப்படுத்தி முடித்ததும் சேர்ந்து வரவேற்போம்" என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

கடைசி நிமிடத்தில் ஒரு நடுவர் மாறிவிட்டால்? பெயரைத் தப்பாகச் சொல்லிவிட்டால்?

புதியவரிடம் அதே கேள்விகளை நின்றபடியே கேட்டு, அதே அமைப்பில் ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள், இரண்டு நிமிடம் போதும். போட்டியாளர்களில் தெரிந்தவர் உண்டா என்ற கேள்வியை அவசரத்தில் விட்டுவிடாதீர்கள். வராதவரைப் பற்றியோ ஏன் வரவில்லை என்பதைப் பற்றியோ பேச வேண்டாம், புதியவர் மாற்று ஆள் போலத் தெரிவார்.

பெயர் தவறிவிட்டால் அதே மூச்சில் "மன்னிக்கவும்" என்று சொல்லிச் சரியாக ஒரு முறை சொல்லிவிட்டு நகர்ந்துவிடுங்கள். நீளமாக மன்னிப்புக் கேட்டால் அவருக்கு மட்டும் அதிக நேரம் போய்விடும்.

பரிசளிப்பின்போது நடுவர்களைத் திரும்பவும் அறிமுகப்படுத்த வேண்டுமா?

பெயரும் மதிப்பிட்ட பிரிவும் மட்டும், காலையில் சொன்ன அதே வரிசையில். ஒரு பிரிவின் பரிசை அந்தப் பிரிவை மதிப்பிட்டவரே கொடுத்தால், அவர் பெயரை அந்த இடத்தில் சொல்லிக்கொண்டே போகலாம்.